திங்கட்கிழமை மீட்டிங்கும் ஒரு துணித் துண்டும்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாடியில் ரிவ்யூ மீட்டிங். நீள மேசையைச் சுற்றி டையிங், கட்டிங், தையல், செக்கிங் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஆள் இருப்பார். தலைமாட்டில் எம்.டி. ஒவ்வொரு ஆர்டராக எடுத்து, எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டியவர், ஆர்டரைத் தொடக்கம் முதல் அனுப்பும் வரை பின்தொடர்கிற மெர்ச்சண்டைசர். தாமதம் யாருடையதாக இருந்தாலும் மேசையில் வந்து விழுவது மெர்ச்சண்டைசர் முன்னால்தான்.

இந்த மீட்டிங்கில் வருகிற பதற்றத்தை யாரும் கவனிக்காமல் அடக்க வழி கேட்டு என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர், அங்கே ஒன்பது வருடமாக மெர்ச்சண்டைசராக இருப்பவர். வயது 34. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வருவதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்தது இது. சாயப்பட்டறையில் ஒரு லாட் துணிக்கு நிறம் சரியாக வராமல் மறுபடி போட வேண்டியதாயிற்று. கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பினார்கள். அந்தச் செலவு லாபத்தை மொத்தமாக விழுங்கிவிட்டது. மீட்டிங்கில் எம்.டி. குரலை உயர்த்தக்கூட இல்லை. "எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார். இவர் பதிலை ஆரம்பித்தார், பாதியில் குரல் உடைந்தது. சாம்பிள் பிரிவு அண்ணன் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். அந்தப் பாட்டில் நகர்ந்ததுதான் தன்னை ரொம்பக் கொன்றது என்றார். "எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுங்க மேடம்."

அதிலிருந்து ஞாயிறு சாயங்காலமே வயிற்றைப் பிசையும். திங்கள் காலை சாப்பாடு இறங்காது. அதற்குப் பதில் மூன்று டீ. ஒன்பதே முக்காலுக்கு ஆபீஸ் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுப் பயிற்சி. அங்கேதான் விஷயம் கெட்டுக்கொண்டிருந்தது.

பாத்ரூமில் என்ன நடந்தது

"நல்லா மூச்சை இழுத்து இழுத்து விடுவேனுங்க. பத்து நிமிஷம். அப்புறம் கையெல்லாம் மரத்துப் போயிருமுங்க. தலை சுத்தும். அதோட மீட்டிங்குக்குப் போனா இன்னும் மோசமாத்தான் இருக்குது."

செய்து காட்டச் சொன்னேன். வாயைத் திறந்து, தோள் இரண்டும் காதைத் தொடுகிற அளவுக்கு உயர, நெஞ்சு நிறைய இழுத்தார். விட்டது பாதி மூச்சு. உடனே அடுத்த இழுப்பு. கடிகாரத்தை வைத்து எண்ணினேன்: ஒரு நிமிடத்தில் 22. ஒன்றரை நிமிடம் தாண்டியதும் விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது என்றார். உதட்டைச் சுற்றியும் அதே.

"மூச்சை நல்லா இழுத்து விடு" என்பது நம் எல்லோர் வாயிலும் வருகிற அறிவுரை. கேட்பவர் 'இழு' என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார். ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு போதும், அதுவும் சின்னச் சின்னதாக. அதே எண்ணிக்கையில் ஒவ்வொன்றையும் பெரிதாக்கினால், உடம்பு உண்டாக்குவதைவிட வேகமாகக் கரியமில வாயு வெளியே போய்விடும். அது ரத்தத்தில் குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை லேசாகும். ரத்தத்தின் காரத்தன்மை கூடும். விரலிலும் உதட்டிலும் ஊர்வது அதனால்தான். ஆக்சிஜனுக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் ஆளுக்கு மூச்சுப் போதவில்லை என்றே தோன்றும். அதனால் இன்னும் பெரிதாக இழுப்பார். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அவர் திங்கட்கிழமைதோறும் காலை பத்து நிமிடம் தனக்குத்தானே பதற்றத்தின் அறிகுறிகளைத் தயார் செய்துகொண்டுதான் மீட்டிங்குக்குப் போயிருக்கிறார். சொன்னதும் சிரித்துவிட்டார். நடந்ததற்கு ஒரு காரணம் கிடைத்த நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது.

பயிற்சியைத் தொடங்கும் முன் ஒரு பொது மருத்துவரிடம் அனுப்பினேன். படபடப்பு என்று வருபவர்களில் ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இருப்பது அபூர்வம் இல்லை. அதை விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை. இவருக்கு இரண்டும் சரியாக இருந்தன. மூன்று டீயை ஒன்றாக்கச் சொன்னேன், அதுவும் இரண்டு இட்லிக்குப் பிறகு. காலி வயிற்றில் டீ தருகிற படபடப்பும் பயம் தருகிற படபடப்பும் உள்ளிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வெளிமூச்சை நீட்டுவது

நாங்கள் உருவாக்கிய முறை எளிமையானது. மூக்கு வழியாக நாலு விநாடி உள்ளே. மூக்கு வழியாகவே ஆறு விநாடி வெளியே. நடுவில் நிறுத்தம் இல்லை. உள்மூச்சு வழக்கமான அளவுதான், அதைவிடப் பெரிதாகக் கூடாது. இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும்.

வெளிமூச்சை ஏன் நீட்டுகிறோம்? மூச்சை இழுக்கும்போது எல்லோருக்கும் இதயம் கொஞ்சம் வேகமாகும். விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் பிடி இறுகி, துடிப்பு மெதுவாகும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டால் பலருக்கு விரலிலேயே இது தெரியும். வெளிமூச்சு நீள நீள, இதயம் மெதுவாக ஓடுகிற நேரம் கூடுகிறது. நம் ஊருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. திருமந்திரம் இழுப்பதற்குப் பதினாறு, விடுவதற்கு முப்பத்திரண்டு என்று சொல்லும். ஆனால் இரண்டுக்கும் நடுவே அறுபத்து நாலு அடக்கச் சொல்கிறது. அது குரு பக்கத்தில் இருந்து பழக வேண்டிய சமாச்சாரம், ரிவ்யூ மீட்டிங்குக்கு ஆகாது. பதற்றத்தில் இருப்பவர் மூச்சை அடக்கினால் மூச்சுத் திணறுகிற உணர்வுதான் முதலில் வரும்.

முதல் வாரம் ஆறு விநாடி அவருக்கு வரவில்லை. நாலாவது விநாடியிலேயே அடுத்த மூச்சுக்குத் தவித்தார். அப்படித் தவித்துக்கொண்டு ஆறை எட்டுவதில் பயனில்லை. மூன்று உள்ளே, நாலு வெளியே என்று குறைத்தோம். காலை ஐந்து நிமிடம், இரவு ஐந்து நிமிடம், வீட்டில், பயம் எதுவும் இல்லாத நேரத்தில். பத்து நாளில் நாலுக்கு ஆறு தானாக வந்தது. பலர் தவறவிடுவது இந்தப் பத்து நாளைத்தான். பயத்தின் உச்சியில் முதல்முறை முயன்றுவிட்டு 'எனக்கு இது வேலை செய்யாது' என்று விட்டுவிடுகிறார்கள்.

2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தினம் ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம் செய்கிற சில மூச்சு முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூக்கால் ஒரு இழுப்பு, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு நீண்ட வெளிமூச்சு என்ற பெருமூச்சு முறை மனநிலையை அதிகம் உயர்த்தியது. நல்ல முறைதான், நானும் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் அந்த இரட்டை இழுப்பு பார்ப்பவருக்கு விசும்பல் மாதிரி இருக்கும். வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு மூன்று முறை செய்யலாம். மேசைக்கு அது சரிப்படாது.

அவருக்கு வீட்டிலிருந்து ஆபீஸ் இருபது நிமிட ஸ்கூட்டர் பயணம். வண்டி ஓட்டும்போது எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், ஹெல்மெட்டுக்குள் ஏதாவது பாட்டை வாய் மூடி முனகிக்கொண்டு வாருங்கள் என்றேன். முனகுவது என்பதே நீண்ட வெளிமூச்சுதான், எண்ணத் தேவையில்லை. லாரி சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது?

யார் கண்ணிலும் படாமல்

மேசையில் மூச்சுப் பயிற்சி செய்கிறோம் என்று பிறருக்குக் காட்டிக்கொடுப்பவை சில: தோள் ஏறுவது, வாய் திறப்பது, புஸ்ஸென்ற சத்தம், கண்ணை மூடுவது, விரல் விட்டு எண்ணுவது. மூச்சைச் சின்னதாக்கி மூக்கோடு நிறுத்தினாலே முதல் மூன்றும் போய்விடும். வயிறு அசைவது மேசை விளிம்புக்குக் கீழே நடக்கிறது.

எண்ணுவதுதான் சிக்கலாயிற்று. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று ஓடினால் கட்டிங் பிரிவு என்ன சொல்கிறது என்று காதில் விழவில்லை. இரண்டாவது திங்கட்கிழமை எம்.டி. கேட்ட ஒரு கேள்வியை மறுபடி கேட்க வேண்டியதாகிவிட்டது. அதே மீட்டிங்கில் நான் சொல்லிக் கொடுத்த இன்னொன்றும் கவிழ்ந்தது. பார்க்கிற ஐந்து பொருள், தொடுகிற நாலு, கேட்கிற மூன்று, முகர்கிற இரண்டு, சுவைக்கிற ஒன்று என்று புலன்களை வரிசையாக வெளியே திருப்புகிற பயிற்சி. பரவலாகச் சொல்லிக் கொடுக்கப்படுவது. அதை மேசையில் செய்யச் சொன்னது என் தப்பு. தனியாக உட்கார்ந்திருக்கும்போது அது நன்றாக உதவும். பத்துப் பேர் பேசுகிற இடத்தில் அது இன்னொரு வேலை. "மூணாவது சத்தம் என்னன்னு தேடிட்டு இருந்தேனுங்க, அங்க என் ஆர்டர் முடிஞ்சு அடுத்ததுக்குப் போயிட்டாங்க" என்றார்.

அப்போதுதான் அவர் கையில் எப்போதும் இருக்கிற பொருளைப் பற்றிக் கேட்டேன். மெர்ச்சண்டைசர் ஃபைலில் ஸ்வாட்ச் இருக்கும், ஒவ்வொரு ஆர்டருக்கும் வெட்டி ஒட்டிய துணித் துண்டு. அதில் ரிப் துணி ஒன்று: வரிவரியாக மேடும் பள்ளமும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டை ஃபைலின் அடியில் வைத்துக்கொண்டார். கட்டை விரலை வரிகளின் குறுக்கே மெதுவாக இழுத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஏறக்குறைய ஆறு விநாடி. அது வெளிமூச்சு. விரலைத் திருப்பிக் கொண்டுவருகிற நேரம் உள்மூச்சு. விரலே எண்ணிக்கொள்வதால் காது சும்மா இருந்தது, கேட்க முடிந்தது. ஸ்வாட்சைத் தொட்டுப் பார்க்கும் மெர்ச்சண்டைசரை யார் ஏன் பார்க்கப் போகிறார்கள்?

இரண்டாவதாகப் பாதம். செருப்புக்குள் குதிகாலைத் தரையில் அழுத்தி, மூன்று மூச்சு வரை வைத்து, விடுவது. தொடையும் வயிறும் இறுகிவிடக் கூடாது, குதிகால் மட்டும். இறுக்கம் மேலே ஏறினால் மூச்சும் மேலே ஏறிவிடும்.

மூன்றாவதாகக் கண். பேசுகிறவரின் முகத்தில் ஏதாவது ஒன்றை நிஜமாகவே பார்ப்பது: கண்ணாடி மூக்கில் இறங்கியிருக்கிறதா, தாடியில் நரை எங்கே தொடங்குகிறது. தன் நெஞ்சுத் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனதை வெளியே இழுத்துக்கொண்டு வருவதுதான் இதன் வேலை.

தவறிய இரண்டு இடங்கள்

நாலாவது வாரம் குரல் மறுபடி மெலிந்தது. எப்போது என்று துருவினேன். நன்றாக, நீளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். காற்று தீர்ந்த நெஞ்சோடு பேசத் தொடங்கியிருக்கிறார். குரல் என்பது வெளியே போகிற காற்றில் ஏறி வருவது. காற்று இல்லையென்றால் நடுங்கத்தான் செய்யும். பயத்துக்கு அதில் பங்கே இல்லை. ஆனால் அவர் காதுக்கு அது பயமாகவே கேட்டது, அடுத்த நொடியில் நிஜமாகவே பயந்தார்.

இதற்கு ஒரு சின்னத் திருத்தம் போதுமாக இருந்தது. பெயர் காதில் விழுந்ததும் ஃபைலைத் திறப்பது. திறக்கிற நேரத்தில் மூக்கால் ஒரு சின்ன மூச்சு. முதல் வாக்கியம் நாலைந்து சொல்லுக்கு மேல் இல்லை: "லேப் டிப் அப்ரூவல் வந்துருச்சுங்க சார்." சாய மாதிரிக்கு ஒப்புதல் வந்துவிட்டது, அவ்வளவுதான். அங்கே நிறுத்தி, மறுபடி மூச்சு. நீண்ட விளக்கத்தை ஒரே மூச்சில் கொட்ட முயல்பவர்களுக்குத்தான் பாதியில் குரல் உடைகிறது.

இன்னொன்று கைக்கடிகாரம். அவர் கணவர் அன்போடு வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச். இதயத் துடிப்பைக் காட்டும். பயிற்சி பலிக்கிறதா என்று மீட்டிங்கில் பார்த்திருக்கிறார்: 112. மூச்சு விட்டுவிட்டு மறுபடி பார்த்தார்: 118. அவ்வளவுதான், அன்றைக்கு மீட்டிங் முழுக்க வாட்ச்சோடுதான். அமைதியாகிவிட்டேனா என்று நொடிக்கு நொடி சோதிப்பது தூங்கிவிட்டேனா என்று கண்ணைத் திறந்து பார்ப்பது மாதிரி. திங்கட்கிழமைகளில் வாட்ச்சை மேசை டிராயரில் போட்டுவிட்டுப் போகச் சொன்னேன். துடிப்பு 110 இருந்தாலும் தெளிவாகப் பேசலாம் என்பதை அவர் நம்புவதற்கு இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று.

மறைப்பதிலேயே ஒரு வில்லங்கம்

யாரும் கவனிக்காமல் என்பதைத்தான் அவர் கேட்டு வந்தார், நானும் கொடுத்தேன். ஆனால் ஐந்தாவது சந்திப்பில் எனக்கே உறுத்தியது. அவருடைய பயமே 'எனக்கு நடுங்குவது எல்லோருக்கும் தெரிகிறது' என்பது. அந்தப் பயத்துக்கு மறைக்கிற கலையைக் கற்றுக் கொடுத்தால், தெரிந்துவிட்டால் ஆபத்து என்ற நம்பிக்கைக்கு நானே உரம் போடுகிறேன். உளவியலாளர்கள் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் 1995-இல் சமூகப் பதற்றத்தை விளக்கியபோது இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார்கள். பதறுகிறவர் தன்னையே உள்ளிருந்து பார்த்துக்கொண்டு, உள்ளே உணர்வதுதான் வெளியேயும் தெரிகிறது என்று எடுத்துக்கொள்கிறார். காப்பாற்றிக்கொள்ள அவர் செய்கிற தந்திரங்களே பயம் பொய் என்று கண்டுபிடிக்கவிடாமல் தடுக்கின்றன.

அந்த ஸ்வாட்ச் தந்திரமாக மாறுகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி கேட்டேன்: "இந்தத் திங்கட்கிழமை அதை வீட்டில் மறந்துவிட்டு வந்தால்?" முகம் வெளுத்தது. மாறிக்கொண்டிருந்தது என்று புரிந்தது.

அதனால் ஒரு பரிசோதனை செய்தோம். என் அறையில், ஃபோன் கேமராவுக்கு முன்னால், ஒரு தாமதமான ஆர்டரைப் பற்றி மூன்று நிமிடம் நின்றுகொண்டு விளக்க வேண்டும். ஸ்வாட்ச் கிடையாது. நடுவே நான் எம்.டி. மாதிரிக் குறுக்கே கேட்பேன். முடிந்ததும், வீடியோவைப் பார்க்கும் முன்பே, உங்கள் குரல் பத்துக்கு எவ்வளவு நடுங்கியிருக்கும் என்று கேட்டேன். ஒன்பது என்றார். பிறகு, முன்பின் தெரியாத ஒரு பெண் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு வீடியோவைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு தடவை பார்த்தார். "மூணுங்க. முதல் வாக்கியத்துல மட்டும்." கொஞ்சம் கழித்து அவராகவே சொன்னார்: "கழுத்து சிவந்து போயிருக்கும்னு நினைச்சேன். ஒண்ணுமே இல்லையே."

அதற்குப் பிறகு ஒழுங்கை மாற்றினோம். மூச்சும் முனகலும் மீட்டிங்குக்கு முன்னால். மேசையில் பாதம் மட்டும். ஸ்வாட்ச் ஒரு வாரம் உண்டு, ஒரு வாரம் இல்லை. மூச்சால் ஆகாத ஒன்று பாக்கி இருந்தது: எம்.டி.யின் கேள்விக்கு உண்மையிலேயே அவரிடம் பதில் இல்லாமல் இருந்தது. சாயப்பட்டறை தாமதமாவது அவருக்கு வெள்ளிக்கிழமைதான் தெரிய வந்துகொண்டிருந்தது. புதன்கிழமை மாலை பட்டறைக்கு ஒரு ஃபோன் என்று ஏற்பாடு செய்துகொண்டார். திங்கட்கிழமை பயத்தில் பாதி அந்த ஃபோனில் கரைந்தது என்பது என் கணிப்பு. மூச்சுக்கு முழுப் பெருமையையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒவ்வொரு மீட்டிங்குக்கும் முன்னால் பதற்றத்தைப் பத்துக்கு இவ்வளவு என்று குறித்துக்கொண்டு வந்தார். வந்தபோது ஒன்பது. மூன்றாவது மாதம் நாலு, ஐந்து. ஒரு வாரம் திடீரென்று எட்டு; அன்று சரக்கை வாங்குகிற பையரின் ஆள் நேரில் வந்திருந்தார். பூச்சியம் ஒரு முறைகூட வரவில்லை, நாங்கள் அதைக் கேட்கவும் இல்லை. மீட்டிங் நினைப்பே இல்லாத நேரத்தில் திடீர்த் திடீரென்று நெஞ்சடைப்பும் மரண பயமும் வருகிறவர்களுக்கும், பழைய அடி ஒன்று நினைவில் எழுந்து ஆளையே உலுக்குகிறவர்களுக்கும் இந்த அளவு போதாது. அங்கே முழுச் சிகிச்சை வேண்டும். நடந்தால், மாடி ஏறினால் கூடுகிற நெஞ்சுவலி, கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி என்றால் மூச்சை எண்ணிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசிச் சந்திப்புக்கு வந்தபோது உட்காரும் முன்பே சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் ஸ்வாட்ச் உண்டு என்கிற வாரம். மீட்டிங் முடிந்து படி இறங்கும்போது, புதிதாகச் சேர்ந்த பையன் பின்னாலேயே வந்து கேட்டிருக்கிறான்:

"அக்கா, அந்த ரிப் துணிய மீட்டிங் பூரா தேய்ச்சுட்டே இருந்தீங்களே, பில்லிங் வருதான்னு, அதான் நூல் உருண்டு மொட்டு கட்டுதான்னு, பாத்தீங்களாக்கா?"

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஆமாண்டா, வரலைன்னு சொன்னேனுங்க."